சரிந்த ஜன்னல்

சேந்தமங்கலத்து ஸ்டூடியோவில் படங்களில் வர்ணம் தொட்டுத் திருத்தும் டச்சிங் வேலை செய்துவந்த அபுதாஹிர் சரியான பயந்தாங்கொள்ளி. தூரத்தில் இருக்கும் மகனைத் தகப்பன் பக்கத்தில் ஒட்டி நிற்கவைக்கும் கை அவருக்கு உண்டு. ஆனால் காட்டுக்குப் பயந்து, கண்ணெதிரே நிற்கும் கொல்லிமலையில் ஒருநாளும் ஏறியதில்லை.

மரக் காண்ட்ராக்டர் காளியண்ணன் ஒரு படத்தோடு வந்தார். அந்த மலைமேல், ஆலத்தூர் நாட்டில் அவருடைய மரக்கிடங்கு எரிந்து சாம்பலாகியிருந்தது. அதற்கு முன்பே எடுத்த படம் இது. தீவைத்தது செங்கோடன் என்ற குடியானவர் என்று வழக்கு. உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததாகக் காவல்காரன் சாட்சி. படத்தில் அந்தச் சுவரில் ஜன்னலே இல்லை.

“ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்க பாய். உங்க ஊடும் கூரைதானுங்களே,” என்றார் காளியண்ணன், சாவகாசமாக.

மிரட்டல் அபுதாஹிருக்குப் புரிந்தது. படத்தைப் பலகையில் ஒட்டினார். படத்தில் சுவர் வலப்பக்கமாகத் தூரம் போகப் போகச் சிறுத்தது. கூரை விளிம்போடு ஒரு நூல், சுவரடியோடு ஒரு நூல் இழுத்தார். இரண்டும் படத்துக்கு வெளியே, பலகையில் சேர்ந்த இடத்தில் குண்டூசி குத்தினார். ஒரே சுவரின் மட்டக்கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியில்தான் சேரும். ஜன்னலின் மேல்கோடும் கீழ்கோடும் அந்த ஊசிக்கே ஓடின. நிமிர்ந்த கோடுகளை நிமிர்ந்தே வைத்தார். சுவரின் கனம் தெரிய, ஜன்னலின் தூர ஓரத்தில் உள்பக்கத்தைக் காட்டினார்.

வர்ணம் காய்ந்துகொண்டிருந்தபோது மலையிலிருந்து மாதம்மாள் வந்தாள். ஜாமீனில் இருந்த செங்கோடன் பின்னால் நின்றார்.

“ஏனுங்க, எங்கூட்டுக்காரரைப் படம் புடிக்கோணுங்க. உள்ள போயிட்டா கொழந்தைக்கு மொகம் மறந்துருமுங்க.”

ஸ்டூடியோ முதலாளி அவர்களைப் படமெடுக்க உள்ளே அழைத்துப் போனார். அபுதாஹிர் படத்துக்குத் திரும்பினார். ஜன்னல் ஏதோ சரிந்தாற்போல் இருந்தது. கூரைக்குக் கீழே சுவரோடு ஓடிய உத்திரத்துக்கும் ஒரு நூல் பிடித்தார். அது கூரை நூலோடு, ஊசிக்கு வெகு முன்பாகவே, மேலே சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. மலையில் தரை சரிவு. சுவரடி சரிவோடு இறங்குகிறது. கூரையும் உத்திரமும்தான் மட்டம். சமதளத்து மனிதர் சுவரடியை நம்பி ஊசியைத் தாழக் குத்திவிட்டார். அழித்து வரைய நேரமும் இருந்தது.

அழிக்கவில்லை. வர்ணம் தீட்டியது தெரியாமலிருக்க அந்தப் படத்தையே மறுபடி நெகட்டிவ் எடுத்து, காளியண்ணன் வந்ததும் பிரதி போட்டுக் கொடுத்தார். வாங்கியவர் ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

நாமக்கல் கோர்ட்டில் செங்கோடனின் வக்கீல் படத்தின்மேல் ஸ்கேலை வைத்தார். கூரையும் உத்திரமும் ஒரே இடத்துக்குப் போகின்றன, ஜன்னல் மட்டும் பள்ளத்துக்குப் போகிறதே, எந்த ஆசாரி இப்படி வைப்பான் என்று கேட்டார். காவல்காரன் உளறினான். செங்கோடன் விடுதலையானார்.

பிறகு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே அபுதாஹிருக்கு உடம்பு வேர்க்கும். ஒருநாள் காளியண்ணனே வந்து நின்றார்.

“தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?”

தெரியாது என்று மட்டும் சொன்னால் அபுதாஹிரின் வீடு பிழைக்கும்.

“தெரியாமத்தான் போட்டேனுங்க,” என்றார். “தெரிஞ்சப்புறம் மாத்தலீங்க.”