காலிக் கவரும் பாதிவிலை அத்தையும்

சுற்றுலாக் கூட்டங்களை நாடு நாடாக மேய்ப்பதுதான் அவர் பிழைப்பு. எல்லோருக்கும் அவர் 'கவர்காரர்'. புறப்படுவதற்கு முதல் நாள் கட்டிலில் சம்மணமிட்டு, நாட்டுக்கொரு கவர் போட்டு டிப்ஸ் பணம் பிரிப்பார். பரிமாறுபவருக்குப் பில்லில் பதினைந்து இருபது சதவீதம் வைத்தே தீரவேண்டிய நாட்டுக்குத் தடித்த கவர். அடுத்த நாட்டுக்குக் காலிக் கவர்.

"காலிக் கவரை எதுக்குத் தூக்கிட்டுத் திரியறீங்க?" என்பாள் மனைவி.

"அங்க டிப்ஸ் வெச்சா, மறந்துட்டுப் போறீங்கன்னு தெருவரைக்கும் துரத்திட்டு வந்து குடுப்பாங்க. இந்தக் காலிக் கவர் ஞாபகப்படுத்தலேன்னா, பழக்கத்துல என் கை தானா டிப்ஸ் வெச்சுடும்டி."

இந்தத் தடவை கூட்டத்தில் பாதிவிலை அத்தை வந்து சேர்ந்தாள். லிஃப்டில் ஏறினாலும் பாதி மாடிக்குப் பேரம் பேசுகிற பிறவி! கடைசி நாடு பேர நாடு. கவர்காரர் பஸ்ஸிலேயே தலைப்பாடாக அடித்துக்கொண்டார்: "வாங்கற எண்ணம் இல்லேன்னா விலையே சொல்லாதீங்க. நீங்க சொன்ன விலைக்கு அவன் சரின்னுட்டா வாங்கியே ஆகணும். இல்லேன்னா அவமானம்."

அத்தை கேட்டாள்தானே! நானூறு சொன்ன கம்பளத்துக்கு, சும்மா ஒரு வார்த்தைக்கு அறுபது என்றாள். கடைக்காரர் அந்த நிமிஷமே சுருட்டிக் கட்டிவிட்டார்.

"ஐயோ, விளையாட்டுக்குல்ல கேட்டேன்!" என்று அத்தை பஸ்ஸுக்கு ஓட, கம்பளத்தோடு அவரும் பின்னாலேயே வந்து பஸ்ஸை மறித்து நின்றார். விமானத்துக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. அத்தையோ இடுப்புப் பையைத் திறப்பதாக இல்லை. கவர்காரர் வேறு வழியில்லாமல் கடைசிக் கவரைப் பிரித்தார். அதில் சரியாக அறுபதுதான். டிரைவருக்கு என்று வைத்தது.

விமான நிலையத்தில் டிரைவர் முப்பது பெட்டிகளையும் இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் புன்னகையோடு நின்றார். ஒன்பது வருஷப் பழக்கம். கவர்காரர் கூனிக்குறுகிப் போனார். இவர் சட்டைப்பையில் மிஞ்சியது அந்தக் காலிக் கவர் மட்டும்.

"என்னால வந்த வினை, தம்பி. நானே பேசிக்கறேன்" என்று அத்தை முன்னே வந்து, எவ்வளவு என்று கையால் கேட்டாள்.

டிரைவர் அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். மார்க்கெட்டில் நடந்ததெல்லாம் அவர் பார்த்ததுதானே! கைபேசியில் இருநூறு என்று தட்டிக் காட்டினார்.

அத்தைக்கு ரத்தம் சூடேறியது. கைபேசியைப் பிடுங்கி, 'நூறு' என்று தட்டினாள்.

டிரைவர் பட்டென்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

"அத்தை," என்று கவர்காரர் காதோரம் முனகினார், "நான் அவருக்கு வெச்சிருந்ததே அறுபதுதான்."

அத்தை இடுப்புப் பையிலிருந்து நூறை எண்ணிக் காலிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். பிறகு கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"கால்வாசியில ஆரம்பிச்சிருக்கணும், தம்பி!"