மத்தியான மாத்திரை

நான் ஆபீஸுக்குப் போனபின் அப்பாவுக்கு மத்தியான மாத்திரை கொடுக்கப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாதான் வருவார். பிறத்தியாரை எத்தனை நாள் தொந்தரவு செய்வது? காலை, இரவு என்று இரண்டு வேளையாக மாற்ற முடியுமா என்று எங்கள் டாக்டருக்குக் கடிதம் எழுதினேன்.

அவர் அப்பாவைப் பரிசோதித்து, பிரஷருக்கு நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரையைத் தந்து, தேவையற்றதை நிறுத்தினார். எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த வாரம் சாயங்காலம் வீடு திரும்பினேன். மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. அப்பா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா சாப்பிடல?"

"'தவா கா லியா, தாதா?'னு, மாத்திரை சாப்பிட்டாச்சானு இந்தியில கேட்டுக்கிட்டு அந்தம்மா வரும். சோறும் போடும், கொஞ்ச நேரம் பேசும். இப்ப எதுக்கு வரப்போவுது?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "டாக்டருக்கு இன்னொரு லெட்டர் போடேன். மத்தியானத்துக்கு ஒண்ணே ஒண்ணு எழுதித் தரட்டும்."