நாலு எட்டான கணக்கு

ஹட்டனில் பங்குத் தரகர் அலுவலகத்தில் நான் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கொட்டகலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் வந்தார். தேயிலைக் கம்பெனிப் பங்கொன்று எழுபத்தைந்து ரூபாய்க்கு விற்றது. வாங்கலாமா என்று கேட்டார்.

கணக்கு எளிது. கம்பெனி ஒரு பங்குக்கு அடுத்த வருடம் கொடுக்கும் லாபமான பங்கிலாபத்தை, நாம் எதிர்பார்க்கும் வருமான விகிதத்திலிருந்து பங்கிலாபம் நிலையாக வளரும் விகிதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் பங்கின் நியாயமான விலை கிடைக்கும். அடுத்த பங்கிலாபம் ஆறு ரூபாய். டீச்சர் வருடத்துக்குப் பதினாறு வீதம், அதாவது நூற்றுக்குப் பதினாறு, வருமானம் எதிர்பார்த்தார். அந்தக் கம்பெனியின் பங்கிலாபம் பல வருடமாக நாலு வீதம்தான் வளர்ந்திருந்தது. ஆறைப் பன்னிரண்டு வீதத்தால் வகுத்தேன். ஐம்பது ரூபாய் வந்தது.

அந்த மாதம் எனக்குத் தரகு குறைவு. நாலை அழித்து எட்டு என்று போட்டேன். பதினாறில் எட்டுப் போக எட்டு; ஆறை எட்டு வீதத்தால் வகுத்தால் சரியாக எழுபத்தைந்து. அந்தத் தாளை டீச்சரிடம் கொடுத்தேன்.

"நீங்க சொன்னா சரிங்க தம்பி" என்று சொல்லி வாங்கினார்.

மறுவருடமும் பங்கிலாபம் நாலு வீதம்தான் கூடியது. விலை அறுபதுக்கும் கீழே போனது. டீச்சர் நான் கொடுத்த தாளோடு வந்தார். கம்பெனியின் பழைய அறிக்கைகளும் கையில் இருந்தன.

"வகுத்தது சரியா இருக்குங்க தம்பி. நாலு எப்படி எட்டாச்சு?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"விலைக்கு ஏத்த மாதிரி நான்தான் மாத்துனேன், டீச்சர்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். பங்குகளை விற்றுவிடச் சொன்னார். விற்பனைப் படிவத்தை நிரப்பும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த விற்பனையிலும் எனக்குத் தரகு வந்தது.