சிவப்பாக வந்த ஒரே ஒரு விதி

அலுவலகக் கணினிப் பிரிவில் எனக்கு ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர். யார் எந்த லிங்கை அனுப்பினாலும் அதைத் திறக்கும் முன் சோதித்துச் சொல்ல ஒரு கருவி எழுதியவன் நான். லிங்க் https என்று தொடங்குகிறதா, தளம் அலுவலகம் அனுமதித்த பட்டியலில் இருக்கிறதா, தளத்தின் பெயருக்குப் பதில் வெறும் எண்கள், நடுவில் @ குறி என்று ஏதாவது தில்லுமுல்லு தெரிகிறதா என்று பார்க்கும். எந்தெந்த விதியில் மாட்டியதோ அதையெல்லாம் எழுதிக் காட்டும். ஒன்றில் மாட்டினாலும் திரை சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்பில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

அன்று காலை தங்கை ஒரு லிங்க் அனுப்பினாள். வெளியூர் நிறுவனம் ஒன்று அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அதில் போய் நேரத்தை உறுதி செய்ய வேண்டும். கருவியில் போட்டேன். சிவப்பு. ஆபத்து, அழித்துவிடு என்று பதில் அனுப்பிவிட்டு, தங்கையைக் காப்பாற்றிய களைப்பில் காபி குடிக்கப் போனேன்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. அழிக்கவில்லை, திறக்கவும் இல்லை. கருவியில் என்ன வந்தது என்று காட்டச் சொன்னாள். சந்தோஷமாகக் காட்டினேன். நான் எழுதிய திரையை என்னைவிட நிதானமாகப் படித்தாள்.

“இதுல ஆபத்துன்னு எங்கண்ணா இருக்கு? https சரி, சந்தேகமா ஒண்ணும் இல்ல. உன் ஆபீஸ் லிஸ்ட்ல இல்லன்னு மட்டும்தானே போட்டிருக்கு?”

எங்கள் பட்டியலில் எங்களோடு வேலை செய்பவர்களின் தளங்கள் மட்டும்தான் இருக்கும். அவளை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் அதில் எப்படி இருப்பார்கள்? விதியை எழுதிய மகானுக்கு இது தோன்றவில்லை. பட்டியலில் இல்லாததால் மோசம் என்று ஆகாது. மற்ற இரண்டிலும் தேறியதால் நல்லது என்றும் ஆகாது. விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் விசாரிக்கவே இல்லை.

“ஆபீஸ்ல வேற யாராவது கேட்டிருந்தா நீ விசாரிச்சிருப்பேதானே?” என்றாள்.

விசாரித்திருப்பேன். இவள் போய்விட்டால் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவோடு நான் மட்டும்தான். அந்தப் பயத்துக்குச் சிவப்பு வசதியாக இருந்தது. வெட்கமாக இருந்தது. அவளிடம் அதைச் சொல்லியும்விட்டேன். அவள் திட்டவில்லை.

லிங்கைத் தொடாமல், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் தேடி அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். லிங்க் அவர்கள் அனுப்பியதுதான் என்றார்கள். மிச்சத்தை அவளே பேசட்டும் என்று போனை நீட்டினேன்.

உள்ளே அப்பா மாத்திரை கேட்டார். அவள் பேசிக்கொண்டே எழுந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கைகாட்டிவிட்டுப் போனேன். அலமாரியைத் திறந்தேன். எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடமே கேட்டேன்.