மேலே போகும் புள்ளிக்கோடு

வெள்ளிக்கிழமை காலை, சென்னீர்குப்பத்து வாடகைக் கடையின் முன்னறையில் சாமியானாத் துணியைப் பரப்பிப் போட்டு, விட்டுப்போன தையலைக் கோணி ஊசியால் மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள் கலைவாணி. அது போன வருஷத்துக் கிழிசல். ஆவடியில் ஒரு மாதா கோயில் மைதானத்தில், கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் கூடும் குடும்ப விழா. பந்தி நடக்கும்போது ஒரே ஒரு காற்று வந்து துணியைத் தூக்கியது. கழி ஒன்று சாய்ந்து நேராக ரசப் பாத்திரத்தில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை, ரசம்தான் போயிற்று. அதோடு அந்தப் பக்கத்து ஆர்டர்களும் போயின.

இந்த ஞாயிறும் அதே மைதானம், அதே விழா. விழாப் பொறுப்பாளர் இக்னேஷியஸ், தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று கொடுத்திருந்தார். இதிலும் ஏதாவது ஆனால் ஆவடியை மறந்துவிட வேண்டியதுதான்.

புருஷன் பூபாலன் போனை நீட்டினான். மணிக்கு மணி வானிலை காட்டும் படம்.

"இன்னா பயப்படறே? காத்து பதினாலு கிலோமீட்டர்னு போட்டுகீது. இது ஃபேன் காத்து."

போன வருஷம் கலைவாணியும் அந்தப் பதினாலைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, கட்டலாம் என்றவளும் அவள்தான். ரசம் கொட்டிய ராத்திரி அதே படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான், அந்தக் கோட்டுக்கு மேலே புள்ளிப் புள்ளியாக இன்னொரு கோடு ஓடுவது கண்ணில் பட்டது. அந்தப் படத்தை இன்னும் போனில் வைத்திருந்தாள்.

"கீழ கோடு சராசரி. துணியத் தூக்கறது அது இல்ல, திடீர்னு வீசறது. மேல புள்ளிக்கோட்டப் பாரு, நாலு மணிக்கு நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்."

பூபாலன் தலையைச் சொறிந்தான். மழை எத்தனை மணிக்கு என்று கேட்டான். ஐந்து மணிக்கு ஐம்பத்தைந்து சதவீதம் என்று படித்தாள். அதற்காகப் பாதி நேரம் கொட்டும் என்று அர்த்தமில்லை, வர வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எவ்வளவு பெய்யும் என்பதை அடியில் இருந்த நீலப் பட்டை சொன்னது. அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே மழையைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. காற்று மழைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடும் என்பதுதான் கவலை.

மேகக் கணக்கு அவளுக்குச் சாதகமாக இருந்தது. பன்னிரண்டு மணிவரை பத்து சதவீதம், அதாவது மண்டை காயும் வெயில். துணி கட்டாயம் வேண்டும். மதியத்துக்கு மேல் ஏறி, இரண்டு மணிக்கு எண்பது. அப்புறம் துணியே தேவையில்லை. பந்தியைப் பன்னிரண்டுக்கே போடச் சொல்லி இக்னேஷியஸுக்குப் போன் செய்தாள். மூன்று மணிக்குத் துணியை அவிழ்த்துவிடுவோம் என்பதையும் சொல்லிவைத்தாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் படத்தை மறுபடி பார்த்தாள். புள்ளிக்கோட்டின் மேடு நாலிலிருந்து மூன்றுக்கு நகர்ந்திருந்தது. அப்படியானால் அவிழ்ப்பது இரண்டு மணிக்கு.

இரண்டு மணிக்கு மைதானத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார்கள். ஆட்கள் முடிச்சில் கை வைத்ததும் இக்னேஷியஸ் வந்துவிட்டார்.

"என்னம்மா, மூணு மணின்னுதானே சொன்னீங்க? ஜனங்க உக்காந்திருக்கறப்பவே பிரிக்கிறீங்க."

பூபாலன் உடனே அவர் பக்கம் சாய்ந்தான். காத்தே இல்லையே கலை, ஒரு மணி நேரம் பொறுத்தா இன்னா என்றான். கலைவாணி மேலே பார்த்தாள். வெயில் போய் வானம் சாம்பல் பூத்திருந்தது. துணிக்கு அடியிலும் வெளியிலும் ஒரே வெளிச்சம்.

"வெயிலுக்குத்தான் சார் துணி. வெயிலு எங்க கீது, காட்டுங்க, மறுபடி கட்டறேன்."

அவர் மேலே பார்த்தார், பிறகு போய்விட்டார். முகம் மட்டும் சரியில்லை. துணி இறங்கி, மடிந்து, வண்டி ஏறியது. மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேற்கேயிருந்து புழுதி கிளம்பியது. பாக்குமட்டைத் தட்டுகள் பறந்து மாதா சிலையைத் தாண்டின. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. மொட்டைக் கழிகள் சும்மா நின்றன. மழை என்று பார்த்தால் நாலே துளிதான்.

இக்னேஷியஸ் சட்டையில் மண்ணைத் தட்டிக்கொண்டே பூபாலனிடம் வந்து, அடுத்த வருஷமும் நீங்களே கட்டுங்க, நேரம் மட்டும் இந்தம்மா சொல்லட்டும் என்றார்.

திங்கட்கிழமை முன்னறையில் பூபாலன் காலை நீட்டி உட்கார்ந்து, வேப்பம்பட்டுக்காரர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"நான்தான் அண்ணாத்தே ரெண்டு மணிக்கே அவுருங்கடான்னேன். காத்த நாம படிச்சுடுவோம்ல. வர ஞாயித்துக்கிழமையா? ஒரு நிமிஷம்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"கலை, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குப் புள்ளிக்கோடு எவ்ளோ காட்டுது?"

இன்னும் ஆறு நாள் இருந்தது. அத்தனை தூரத்து மணிக்கணக்கை நம்பக்கூடாது, வெள்ளிக்கிழமைதான் பார்க்கணும் என்று அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கலைவாணி கோணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள், தன் போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.