சூசை கத்தாத காட்சி

குருநகரில் யசிந்தாவுக்கு இரண்டு தொழில். பகலில் சட்டை தைப்பாள். ஆடி பிறந்துவிட்டால் கோயில் பங்குத் திருநாளுக்கு நாடகம் எழுதுவாள். தையலுக்குக் கூலி உண்டு. நாடகத்துக்குக் கைதட்டல்தான். ஆனாலும் யாராவது அவளை அடையாளம் சொன்னால் "நாடகம் எழுதுற யசிந்தா" என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த வருட நாடகத்தின் வில்லன் சூசை, தம்பியின் வள்ளத்துக்குத் தீ வைத்தவன். கடைசிக் காட்சியில் தம்பியின் மனைவி முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். யசிந்தா வழக்கம்போல நெஞ்சில் அடித்துக் கத்தும் வசனமாக எழுதியிருந்தாள். சூசையாக நடித்த கனிசியஸுக்குத் தொண்டை சங்குபோல. "நான்தான்! நானேதான்! இந்தப் பாவிதான்!" என்று அவன் யசிந்தாவின் வீட்டில் நடந்த ஒத்திகையில் முழங்கினான். தையல் மெசினுக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதைத் தெருவில் சொல்லிச் சிரித்தார்கள்.

ஏன் சிரிப்பு வருகிறது என்று யசிந்தாவுக்கு விளங்கவில்லை. குற்றம் பெரிது, குரலும் பெரிது. ஆனால் நடுவில் மனிதனைக் காணோம்.

அந்தக் கிழமைதான் கிறிஸ்ரோபர் வந்தார். நண்டு வலைக்குப் போகிறவர், நான்கு வீடு தள்ளியிருப்பவர், அதிகம் கதைக்காதவர். காற்சட்டையொன்று இடுப்பு இறுக்கிப் பிடிக்கிறது, தளர்த்தித் தர வேண்டும் என்றார். அவள் தேத்தண்ணி ஊற்றிப் பீரிசுத் தட்டில் ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்தாள்.

அவர் காற்றைப் பற்றிக் கதைத்தார். நண்டு குறைந்துவிட்டதைச் சொன்னார். பனங்கட்டியை ஒரு கடி கடித்தார். அது வாயில் கரையும்வரை பேச்சு நின்றது. பிறகு அதே குரலில் சொன்னார்:

"மரியசீலன்ரை வலை அண்டைக்கு என்ரை வலைக்கு மேலை விழுந்து கிடந்தது. ஒரு மணித்தியாலம் மினக்கெட்டிருந்தால் பிரிச்சிருக்கலாம். எனக்குக் கோவம். வலைக்கு அடையாளமா மிதக்கிற அவன்ரை கொடிக்கம்பிலை ஒரு செபமாலை கட்டியிருந்தது. அதை அவிழ்த்து வைச்சிட்டுத்தான் வலையை வெட்டினன். இந்தத் தேத்தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சாயம் விட்டிருக்கலாம் பிள்ளை."

யசிந்தாவின் கை கேத்திலின் மேல் நின்றது. மரியசீலனின் வலைகளை இந்தியன் றோலர் இழுவைப்படகு ஒன்று அறுத்துக்கொண்டு போனது என்றுதான் ஊர் முழுவதும் நம்பியது. வலை போனபின் அவன் வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போனான். கார்த்திகைக் கடலில் அந்த வள்ளம் கவிழ்ந்தது, அவன் கரை திரும்பவில்லை. அவன் மனைவி றஜிதாவும் மகளும் அடுத்த ஒழுங்கையில் இருந்தார்கள்.

"இன்னும் ஊத்தவோ அண்ணை?" என்றுதான் அவளுக்குக் கேட்க வந்தது.

"ஓம், கொஞ்சம் ஊத்து."

அவர் குடித்தார். "றஜிதாட்டைச் சொல்லவேணும். எப்பிடி வாய் திறக்கிறதெண்டு தெரியேல்லை. உன்னட்டைச் சொல்லிப் பாத்தன்" என்றார். காற்சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று அவள் வேறு வேலை பார்க்கவில்லை. அவர் சொன்னதன் கனத்தைவிட, சொன்ன விதம்தான் அவளை ஆட்டியது. குரல் தாழவில்லை, கண் கலங்கவில்லை. பெரிய சொல் எதையும் அவர் தொடவில்லை. கொலை என்றோ பாவம் என்றோ சொல்லாமல், பிரித்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். முக்கியமானதை இரண்டு சாதாரணப் பேச்சுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, உடனே சாயத்துக்குத் தாவினார். அந்தத் தாவல்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. கேட்டவளும் "ஏன்" என்று கேட்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவளே நிரப்பிக்கொண்டாள்.

சூசையின் காட்சியை அவள் கிழித்து மறுபடி எழுதினாள். தீ வலையறுப்பாக மாறியது. தம்பி பெண்சாதி தேத்தண்ணி கொடுக்கிறாள், சூசை பனங்கட்டி கடிக்கிறான். செபமாலை வந்தபோது பேனை நின்றது. வேறு எதையாவது வைக்கலாம், ஒரு துணி, ஒரு சிரட்டை. எழுதிப் பார்த்தாள், காட்சி செத்துப்போனது. செபமாலையை அவிழ்த்து வைத்துவிட்டு வெட்டுகிறவன்தான் மனிதன். அதையே எழுதினாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கனிசியஸ் முகத்தைச் சுளித்தான். "வில்லன் கத்தாட்டில் சனம் எப்பிடி நம்பும்? நீர் என்ரை காட்சியைக் கெடுத்துப்போட்டீர்."

"கத்துறவனைச் சனம் வேடிக்கை பாக்கும். சாதாரணமாக் கதைச்சால்தான் காது குடுக்கும். அழாதையும். குரலைத் தாழ்த்தவும் வேண்டாம், தாழ்த்தினால் அதுவும் நடிப்பு. நண்டு விலை சொல்ற மாதிரிச் சொல்லும்."

"இடையிலை கை என்ன செய்யிறது?"

"கோப்பையைப் பிடியும். தேத்தண்ணி உண்மையாவே சுடவேணும், வெறுங்கோப்பை சரிவராது. சுட்டால்தான் ஊதுவீர், ஊதினால்தான் நிப்பாட்டுவீர். செபமாலை எண்டு சொன்னவுடனை அவளின்ரை முகத்தைப் பாக்காமல் கோப்பைக்குள்ளை பாரும்."

தம்பி மனைவியாக நடித்த டிலக்ஷிக்கு அவள் ஒன்றுதான் சொன்னாள்: "நீ ஊத்துறதை நிப்பாட்டாதை. வழிஞ்சாலும் ஊத்து." மேசைக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டார்கள், கோப்பை பீரிசில் படும் சத்தமும் கேட்க வேண்டும் என்பதற்காக.

திருநாள் மாலை கோயில் முற்றம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சியில் கனிசியஸ் ஊதிக் குடித்தான், பனங்கட்டி கடித்தான், சொன்னான். கச்சான் கடலை கொறித்த சத்தம் நின்றது. டிலக்ஷி ஊற்றிய கோப்பை வழிந்து மேசையில் ஓடியது. "சாயம் காணாது" என்று சூசை சொன்னபோது எங்கோ ஒரு கிழவி "ஐயோ" என்றாள். திரை விழுந்ததும் முற்றமே எழுந்து தட்டியது. யசிந்தா திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். மூன்றாவது வரிசையில் றஜிதாவும் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தட்டுவது மெதுவானது. கைகள் அப்படியே நின்றன.

அடுத்த நாள் றஜிதா வந்தாள்.

"யசிந்தாக்கா, அந்தச் செபமாலைக் கதை எங்காலை வந்தது?"

"சும்மா, கற்பனைதான்."

"கொடிக்கம்பிலை கட்டினது நான். என்ரை மனுசனுக்குக்கூடச் சொல்லேல்லை, பகிடி பண்ணுவாரெண்டு. றோலர் செபமாலை அவிழ்க்குமோ அக்கா?"

யசிந்தா கேத்திலை எடுத்தாள். "வேண்டாம்" என்றாள் றஜிதா. "ஆரெண்டு நீங்கள் சொல்லவேண்டாம். விடிய ஒராள் வந்து கதவடியிலை நிண்டவர். அவர் வாய் திறக்க முன்னமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாம் மேடையிலை கேட்டிட்டன் எண்டு சொல்லிக் கதவைச் சாத்திப்போட்டன்." வாசலில் இறங்கித் திரும்பிச் சொன்னாள்: "எல்லாரோடையும் சேந்து நானும் கை தட்டிப்போட்டன், அக்கா."

பின்னேரம் கிறிஸ்ரோபர் காற்சட்டையை எடுக்க வந்தார். உள்ளே வரவில்லை. யசிந்தா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வார்த்தையும் நாடக வசனம் போலக் காதில் விழுந்ததால் பாதியில் நிறுத்தினாள்.

"வலையை வெட்டினது நான்தான்" என்றார் அவர். "அதை ஊரே அறியட்டும், எனக்குப் பயமில்லை. ஆனால் அவளுக்கு முன்னாலை இருந்து என்ரை வாயாலை சொல்லவேணுமெண்டு இருந்தனான். எனக்கெண்டு மிஞ்சியிருந்தது அது ஒண்டுதான். அதையும் நீ எடுத்துப்போட்டாய்."

அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

சில கிழமைகள் கழித்துப் பாசையூரிலிருந்து ஆட்கள் வந்து அந்த நாடகத்தைத் தங்கள் கோயிலிலும் போடச் சொல்லிக் கேட்டார்கள். யசிந்தா முடியாது என்றாள். கனிசியஸ் கொதித்துப்போய் வந்து நின்றான்.

"இருபது வருசமாக் கத்தினன். இந்த முறைதான் சனம் என்னை நடிகனெண்டு மதிச்சது. ஏன் போடேலாது? காரணத்தைச் சொல்லும்."

காரணம் அவள் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் கிறிஸ்ரோபரை இன்னொரு முறை விற்றதாகிவிடும்.

"அது என்ரை எழுத்தில்லை, கனிசியஸ்" என்றாள்.

"பிறகு ஆரின்ரை?"

அவள் மெசினில் நூல் கோக்கத் தொடங்கினாள். அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். றஜிதா மகள் கோயிலில் முதன்முதல் நன்மை வாங்கும் நாளுக்கான சட்டையை வேறிடத்தில் தைக்கக் கொடுத்தாள் என்று யசிந்தா பிறகு கேள்விப்பட்டாள். கிறிஸ்ரோபர் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் றஜிதாவின் ஒழுங்கை முகப்பில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போகிறார் என்றும் சொன்னார்கள். கதவு இன்னும் திறக்கவில்லை.