அக்காவுக்குச் சுற்றிய உப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் எங்கள் வீட்டில் அக்காவுக்குத் திருஷ்டி சுற்றுவார்கள். அதைக் கொண்டுபோய் முச்சந்தியில் கொட்டுவது என் டிபார்ட்மென்ட்.

அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு ஏழு. அக்கா அழகு. சும்மா அழகு இல்லை, ஏறி உட்கார்ந்ததும் ஆட்டோக்காரர் திரும்பி "பாப்பா இன்னா படிக்குது?" என்று கேட்கிற அழகு. கேள்வி ஒரு பாப்பாவைப் பற்றித்தான். பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு பாப்பா என்ன படிக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்த ஆட்டோக்காரருக்கும் ஆர்வம் வந்ததில்லை. நான் சுமார்தான். சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்? பெற்றவர்களுக்குத்தான் அது பெரிய விஷயமாக இருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா, தி. நகரில் பிளவுஸ் பிட் கடை வைத்திருந்தார். வீடு கோபாலபுரத்தில், இரண்டாவது மாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் கடைக்குப் போவோம். உஸ்மான் ரோட்டைக் கடக்கும்போது அம்மாவின் வலது கை அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். இடது கையில் பை. அந்தப் பையின் காதைப் பிடித்துக்கொண்டு நான். பை தொலையாமல் இருந்தால் நானும் தொலைய மாட்டேன் என்பது ஏற்பாடு.

கடையில் அக்கா கல்லா மேஜை மேல் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், சாக்லேட் கொடுப்பார்கள். ஒருநாள் அவள் காலை ஆட்டிக்கொண்டே ஒரு அடுக்கு துணியைச் சரித்தாள். அப்பா சிரித்தபடி "வாலு" என்றார். அடுத்த வாரம் நான் ஒரு பட்டன் டப்பாவைக் கொட்டினேன். "ஏழு கழுத வயசாகுது, கண்ணு எங்க இருக்கு?" என்றார். கழுதைக் கணக்கு எனக்கு மட்டும்.

ஆல்பத்திலும் இதே கதைதான். அக்கா குப்புற விழுந்தது, தவழ்ந்தது, தும்மியது, எல்லாவற்றுக்கும் படம் உண்டு. என் கைக்குழந்தைப் படங்கள் மொத்தம் மூன்று. கேட்டால், ரெண்டாவது குழந்தைக்கு யாருக்கு நேரம் இருந்தது என்பாள் அம்மா. சரி. ஆனால் அக்காவின் எல்லாப் படத்திலும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருக்கிறது. என் மூன்றிலும் கன்னம் காலி. பொட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த வெள்ளிக்கிழமை அம்மா கல் உப்பையும் வர மிளகாயையும் கையில் எடுத்ததும், நான் போய் அக்கா பக்கத்தில் கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கும் சுத்தும்மா."

அம்மா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, நிஜமாகவே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "ஏட்டி, உன்ன யாரு கண்ணு வைக்கப் போறா? தள்ளு, அக்காவுக்கு நேரமாகுது."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவும் சிரித்தார். சுற்றி முடித்து, உப்பைக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்கள். கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். இரண்டு மாடி இறங்கி, தெருமுனை வரை, இருட்டுகிற நேரத்தில், வண்டிகளுக்கு நடுவே, ஏழு வயதுப் பெண் தனியாக. ஒன்பது வயதுப் பெண் பால்கனிக்குப் போனாலே "விழுந்திடுவ, உள்ள வா" என்பார்கள்.

முச்சந்தியில் நின்றேன். மடிப்பைப் பிரித்தேன். அந்த உப்பை என் தலையைச் சுற்றி நானே மூன்று சுற்றுச் சுற்றினேன். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு, எல்லாம் சொன்னேன். அங்கே ஒரு நாய் படுத்திருந்ததால் நாய்க்கண்ணை அழுத்திச் சொன்னேன். அப்புறம் கொட்டிவிட்டு ஸ்டைலாக நடந்து வந்தேன்.

மறுநாள் காலை அக்காவுக்குக் காய்ச்சல்.

"ஒழுங்கா கொட்டினியா? திரும்பிப் பாத்தியா?"

"பாக்கல. எனக்கும் சுத்திக்கிட்டேன்."

அம்மா முகம் மாறியது. அக்காவின் திருஷ்டி எனக்கு ஏறிவிட்டதோ என்று பதறி என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். சத்தியமாக, தோளைக்கூட முன்னால் நீட்டினேன். முதுகில்தான் விழுந்தது.

"அவளுக்குச் சுத்தினத நீ எதுக்குட்டி எடுத்த? அதான் புள்ளைக்குக் கேக்கல!"

டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டாளா என்று கேட்டார். சாப்பிட்டிருந்தாள். முந்தின நாள் ஸ்கூல் வாசலில் ஒரு அம்மா, கண்ணு பட்டுவிடும் போல இருக்கிறாளே என்று ஆசையாக வாங்கிக் கொடுத்தது. இதற்காக என்னிடம் யாரும் சாரி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, இன்றுவரை. மறுபடி வாய்ப்பு வந்தாலும் அதே உப்பைச் சுற்றிக்கொள்வேன்.

அன்றைக்குப் போர்வைக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்: "ஏய், முச்சந்தி எப்டிடி இருக்கும்?"

"நாய் இருக்கும்," என்றேன் எரிச்சலாக.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் ஏற்பாடு முடியவில்லை. நான் பஸ் பிடித்துக் காலேஜ் போனேன். அக்காவை அவள் காலேஜ் வாசலில் அப்பா இறக்கிவிட்டார். அவளுக்கு வேலை கிடைத்தபோது "அவ்ளோ தூரம் இவளத் தனியாவா?" என்று வேண்டாம் என்றார்கள். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண வீடியோவில் அவளைப் பார்த்து வரன் வந்தது, கட்டிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்தது நான். "அவ பாவம்ட்டி, தாங்க மாட்டா. நீதான் தைரியசாலி," என்றாள் அம்மா. தைரியம் என்னுடன் பிறக்கவில்லை அம்மா, நீ என்னை மட்டும் மாடி இறக்கிவிட்டாய் என்று சொன்னேன். ஓவராப் பேசாத என்றாள்.

போன மாதம் அக்கா தன் ஐந்து மாதப் பெண் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை அச்சு அசல் நான்: சப்பை மூக்கு, கறுப்பு, முன்நெற்றி மேடு. பார்க்க வந்த நங்கநல்லூர்ப் பெரியம்மா, "பரவால்ல, வளர வளர கலர் வந்துடும்," என்று ஆறுதல் சொன்னாள். யாருக்கு ஆறுதல் என்று தெரியவில்லை. அம்மா குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நெற்றிக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு மை டப்பாவை மூடினாள். வேண்டுமென்று செய்யவில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அக்கா காலி கன்னத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைத் திறந்து, கட்டைவிரலால் இத்தனை பெரிதாக ஒன்று வைத்தேன்.

"ஏட்டி, அதுக்கு எதுக்கு இவ்ளோ பெருசு?"

"என் கண்ணே பட்டுடும்மா. காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன்."

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நானே உப்பும் மிளகாயும் எடுத்துக் குழந்தைக்குச் சுற்றினேன். பழக்கத்தில் செருப்பைத் தேடிப் போனவள் நின்றேன். காகிதத்தை அக்கா கையில் வைத்தேன்.

"நீ போ. எப்டி இருக்கும்னு கேட்டல்ல?"

"அவள எதுக்குட்டி அனுப்புற, வண்டி வரும்!" என்று அம்மா கத்தினாள். அக்காவுக்கு இருபத்தைந்து வயது.

அவள் போய்விட்டாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தேன். முச்சந்தியில் கொட்டிவிட்டு அவள் உடனே வரவில்லை. நாலு பக்கமும் பார்த்தபடி நின்றாள். டீக்கடையை, பூக்காரம்மாவை, படுத்திருந்த ஏதோ ஒரு நாயை. அன்றைக்கு அவள் கேட்டதை, என்னைச் சீண்டுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னோடு வர ஆசைப்பட்டுத்தான் கேட்டிருக்கிறாள் என்று ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை.